காலாண்டு இலக்கு 82.5 சதவீதத்தில் நின்றுவிட்டது. சனிக்கிழமை குழுவிடம் என்ன பேசுவது?

மாசிவீதி | 30 செப்டம்பர் 2025, இரவு 10.40

இன்றோடு காலாண்டு முடிந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், சலவைத்தூள் விற்கும் ஒரு நிறுவனத்தில் மதுரைப் பகுதிக்கு நான் மேனேஜர். பொறுப்பேற்று ஐந்து மாதம் ஆகிறது. எனக்குக் கீழே 11 சேல்ஸ்மேன்கள். எல்லோரும் விநியோகஸ்தரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை கடைகளுக்கு 2 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குச் சரக்குப் போயிருக்க வேண்டும். போனது 1 கோடியே 98 லட்சம்.

சனிக்கிழமை காலை கூட்டம். எல்லோரையும் வைத்து ஊக்கமாகப் பேசு என்று மண்டல மேலாளர் சொல்லிவிட்டார். எழுதி வைத்திருப்பதன் சுருக்கம் இது: "மூன்று மாதம் நாம் தூங்கிவிட்டோம். போட்டி நிறுவனம் தூங்கவில்லை. வரிக்குறைப்பு ஒரு காரணம்தான், ஆனால் வெற்றி பெறுகிறவன் காரணம் தேடமாட்டான். தீபாவளிக்கு 20 நாள் இருக்கிறது. ஒவ்வொருவரும் இரண்டு மடங்கு உழைத்தால் விட்டதைப் பிடிக்கலாம்."

படித்துப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. எங்கே தவறுகிறது என்று சொல்லுங்கள்.

குதிரைவேகம் | 30 செப்டம்பர், இரவு 11.15

உள்ளடக்கம் சரிதான், கதை இல்லாததுதான் குறை. கயிற்றில் கட்டிய யானைக் கதையைச் சொல்லுங்கள். குட்டியில் கட்டிய கயிற்றை வளர்ந்த பிறகும் அறுக்கமுடியாது என்று யானை நம்பிவிடுகிறது. எங்கள் இருசக்கர வாகன ஷோரூமில் இதைச் சொன்ன மாதம் விற்பனை ஏறியது.

இன்னொன்று. ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று தெரிந்ததும் கடைக்காரர் வாங்குவதை நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த விற்பனை எங்கும் போகவில்லை. அக்டோபரில் முழுவதும் திரும்பி வந்துவிடும். அதையே தைரியமாகச் சொல்லுங்கள்.

நீலமலை | 1 அக்டோபர், காலை 7.05

இலக்கைக் குறைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்போது கடந்த இரண்டு ஆண்டுகளின் இதே காலாண்டு எண்களையும் இணையுங்கள். கூட்டத்தில் பேசினால் பலன் இருக்காது. எழுத்தில் கொடுங்கள்.

மாசிவீதி | 1 அக்டோபர், காலை 7.30

நீலமலை, நான் பேசப்போவது மேலிடத்திடம் அல்ல, சேல்ஸ்மேன்களிடம். ஆனாலும் கடித யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

பழையகணக்கு | 1 அக்டோபர், காலை 9.20

26 வருடம் இந்த வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். பேச்சை எடுத்துவைத்துவிட்டு முதலில் மாதவாரியாக எண்களைப் போடுங்கள். ஆகஸ்டை மட்டும் இரண்டாக வெட்டுங்கள், 15ஆம் தேதிக்கு முன், பின் என்று.

காரணம் இது. வரி குறையும் என்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தது ஆகஸ்ட் 15. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. சோப்புக்கட்டி, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆயின. ஆகஸ்ட் 15க்கு முன்பு எந்தக் கடைக்காரரும் வரிக்காகக் காத்திருந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் உங்களுக்குக் குறை இருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் "தூங்கிவிட்டோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. வரிதான் காரணம் என்று சொல்லவும் உரிமையில்லை.

மாசிவீதி | 1 அக்டோபர், பகல் 12.50

ஆயுத பூஜை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். மாத இலக்கு 80 லட்சம். ஜூலையில் 74 வந்தது. ஆகஸ்ட் முதல் பாதியில் 40க்கு 37, இரண்டாம் பாதியில் 40க்கு 34. செப்டம்பரில் 80க்கு 53.

மொத்தக் குறை 42 லட்சம். அதில் ஆகஸ்ட் 15க்கு முன்பே 9 லட்சம் குறைந்திருக்கிறது.

பழையகணக்கு | 1 அக்டோபர், பிற்பகல் 2.10

முதல் ஆறு வாரத்தில் 120 லட்சத்துக்கு 9 லட்சம் குறை, அதாவது ஏழரை சதவீதம். வரி அறிவிப்பு வராமலே இருந்திருந்தால் மீதி ஆறு வாரமும் இதே போக்கில் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 9 லட்சம். ஆக உங்கள் குழுவின் பங்கு 18 லட்சம், வரியால் வந்தது 24 லட்சம். இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகச் சொல்லிப் பேசுங்கள். கேட்கிறவனுக்குத் தன் குறை எது, தன் மீது விழுந்த குறை எது என்று தெரியும்.

குதிரைவேகம் சொன்னதில் பாதி சரி. சோப்பும் பற்பசையும் வீட்டில் தீர்ந்துகொண்டேதான் இருந்தன. கடைக்காரர் தன் அலமாரியைக் காலியாக்கி விற்றார். அந்த அலமாரி மறுபடி நிரம்பும்போது ஒரு தடவை கூடுதல் ஆர்டர் வரும். பிஸ்கட் அப்படி இல்லை. செப்டம்பர் 10ஆம் தேதி தேநீரோடு தின்னாத பிஸ்கட்டை யாரும் அக்டோபரில் சேர்த்துத் தின்னமாட்டார்கள். அலமாரி காலியான நாளில் உள்ளூர் பிராண்ட் அங்கே உட்கார்ந்திருந்தால் சோப்பிலும் ஒரு பங்கு போயிற்று. எல்லாம் திரும்பிவரும் என்று மேனேஜர் வாயால் சொல்லி, வராமல் போனால், அடுத்த கூட்டத்தில் அவரை யாரும் நம்பமாட்டார்கள்.

குதிரைவேகம் | 1 அக்டோபர், மாலை 4.00

பிஸ்கட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் விநியோகஸ்தரிடம் 30 லட்சத்துக்குச் சரக்கை இறக்கியிருந்தால் இலக்கை நெருங்கியிருக்கலாமே. எல்லா நிறுவனங்களிலும் செய்வதுதானே.

கிடங்குக்காரர் | 1 அக்டோபர், இரவு 8.35

திண்டுக்கல்லில் விநியோகஸ்தர் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

முதலில், இவருடைய இலக்கு கடைக்குப் போகிற சரக்கு. என் கிடங்கில் இறக்கினால் அந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறாது. நிறுவனம் எனக்கு விற்ற கணக்கில்தான் ஏறும்.

அடுத்தது, என் நிலைமை. செப்டம்பர் 21ஆம் தேதி இரவு என்னிடம் 18 சதவீத வரி கட்டி வாங்கிய சரக்கு 9 லட்சத்துக்கு இருந்தது. மறுநாள் முதல் அதை 5 சதவீதத்தில் விற்கிறேன். இடையில் உள்ள 13 சதவீதம், அதாவது 1 லட்சத்து 17 ஆயிரம், வரி வரவாக என் கணக்கில் நிற்கிறது. பணமாகக் கைக்கு வராது. இனிமேல் நான் கட்டவேண்டிய வரியில்தான் கழித்துக்கொள்ளவேண்டும். நான் மாதம் 40 லட்சத்துக்கு வாங்குகிறேன், என் லாப விகிதம் 5 சதவீதம், 2 லட்சம். அதன் மீது 5 சதவீத வரி 10 ஆயிரம். ஆக அந்தத் தொகை தீர ஏறக்குறைய ஒரு வருடம். சலவைத்தூளுக்கு வரி குறையவில்லை, 18லேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் சீக்கிரம் தீரலாம். இந்த நேரத்தில் 30 லட்சத்தை என் தலையில் இறக்கியிருந்தால் அடுத்த சரக்குக்கு நான் எங்கே போவேன்? நானே ஏஜென்சியை விட்டிருப்பேன்.

மாசிவீதி, கூட்டத்துக்கு உங்கள் விநியோகஸ்தரையும் அழையுங்கள். சேல்ஸ்மேனுக்குச் சம்பளம் தருகிறவர் அவர். அவர் இல்லாமல் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதிக்கு மதிப்பு குறைவு.

தாமிரபரணி | 1 அக்டோபர், இரவு 9.50

மருந்து விற்பனைப் பிரதிநிதியாக ஒன்பது வருடம் இருந்தேன். அங்கே ஒரு மேலாளர், இலக்கு தவறிய காலாண்டுக் கூட்டத்தில் கடைசி மூன்று பேரை எழுந்து நிற்கச் சொல்வார். ஒரு முறை நான் நின்றேன். என் பகுதியில் அதிகம் மருந்து எழுதுகிற இரண்டு மருத்துவர்கள் அந்த மூன்று மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கவைத்தார். பிறகு உட்காரச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் மிக அழகாகப் பேசினார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அடுத்த மாதம் விலகினேன். என்னோடு நின்ற இன்னொருவரும் விலகினார்.

பட்டியலைத் திரையில் போடாதீர்கள். ஒருவரைப் பற்றிய எண்ணை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பழையகணக்கு | 2 அக்டோபர், காலை 6.40

தாமிரபரணி அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாசிவீதி, 9 லட்சத்தை 11 பேருக்கும் சமமாகப் பரப்பிவிட்டேன். அது எந்த பீட்டில், அதாவது ஒருவர் ஒரு நாளில் சுற்றுகிற எந்தக் கடைவரிசையில், குறைந்தது என்று பார்த்தீர்களா? ஒவ்வொருவருக்கும் எத்தனை கடையில் பில் விழுந்தது என்று எடுங்கள்.

மாசிவீதி | 2 அக்டோபர், பகல் 11.30

பார்த்தேன். காலையிலிருந்து மனம் சரியில்லை. முழுதாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் வாரத்தில் ஆறு பீட், பீட்டுக்குச் சுமார் 40 கடை. ஆகமொத்தம் ஆளுக்கு 240 கடை. ஜூன் கடைசியில் ஒருவர் வேலையை விட்டார். மாற்று ஆள் வந்தது ஆகஸ்ட் 18. நடுவில் ஏழு வாரம் அந்த 240 கடைக்கு யாரும் போகவில்லை. பக்கத்து பீட்காரர் போனில் ஆர்டர் வாங்கிச் சமாளித்தார். அந்தத் தடத்தின் ஜூலை இலக்கு 7 லட்சத்து 20 ஆயிரம், வந்தது இரண்டரை லட்சம். ஆகஸ்ட் முதல் பாதியில் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக 15ஆம் தேதிக்கு முந்தைய 9 லட்சம் குறையில் 6 லட்சத்து 90 ஆயிரம் ஆள் இல்லாத அந்த ஒரு தடத்தில் விழுந்தது.

மீதிப் பத்துப் பேரும் சேர்ந்து குறைத்தது 2 லட்சத்துச் சொச்சம். அவர்கள் இலக்கில் 98 சதவீதம் எட்டியிருக்கிறார்கள். நான் சனிக்கிழமை எழுந்து நின்று அந்தப் பத்துப் பேரையும் பார்த்து "தூங்கிவிட்டோம்" என்று சொல்ல இருந்தேன்.

ஆள் எடுக்கத் தாமதித்தது நான். இரண்டு பேரைப் பார்த்து, இன்னும் நல்ல ஆள் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். பொறுப்புக்குப் புதியவன் என்பதால் தவறான ஆளை எடுத்துவிடுவேனோ என்று பயம். அந்தப் பயத்தின் விலை 7 லட்சம்.

பழையகணக்கு | 2 அக்டோபர், பகல் 12.15

என் கணக்கையும் திருத்துகிறேன். ஏழரை சதவீதத்தைச் செப்டம்பர் வரை நீட்டியது தவறு. ஆகஸ்ட் 18இல் ஆள் வந்துவிட்டார், ஆக அந்தக் குறை அதே அளவில் தொடர்ந்திருக்காது. அதே சமயம் ஏழு வாரம் கைவிட்ட கடை முதல் வாரமே பழைய அளவுக்கு வாங்காது. நம் பங்கு 9க்கும் 18க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. துல்லியமாகச் சொல்ல வழியில்லை. கூட்டத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

ஆறாம்பீட் | 2 அக்டோபர், மாலை 5.25

நான் சேல்ஸ்மேன். வேறு நிறுவனம், வேறு ஊர். இந்த மாதிரிக் கூட்டங்களில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவன்.

உங்கள் எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் நாங்கள் அங்கே உட்கார்ந்து நினைப்பது ஒன்றே ஒன்று. ஊக்கத்தொகை போயிற்று, வீட்டில் தீபாவளிக்கு என்ன சொல்வது? 15 ஆயிரம் சம்பளக்காரனுக்குக் காலாண்டு ஊக்கத்தொகைதான் துணிமணி. அதைப் பற்றி மேனேஜர் வாய் திறக்காமல் யானைக் கதை சொன்னால் யானையும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்று இருக்கும்.

இரண்டாவது, சனிக்கிழமை கடைத்தெருவில் கூட்டம் அதிகம். ஒன்பதரைக்குள் எங்களை விட்டுவிடுங்கள். பத்தரைக்குப் போனால் கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்.

மூன்றாவது, நீங்கள் பேசுவதைவிட எங்களிடம் ஒன்று கேளுங்கள். எந்தெந்தக் கடையில் பழைய விலை அச்சடித்த சரக்கு தேங்கியிருக்கிறது என்று. அந்தக் கடைக்காரர் "இதற்கு வழி சொல், பிறகு புது ஆர்டர்" என்கிறார். எங்களிடம் பதில் இல்லை. நான் 14 கடையில் அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதையும் உழைப்புக் குறைவு என்றுதான் எழுதுவார்கள்.

மாசிவீதி | 2 அக்டோபர், இரவு 10.05

தம்பி, அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடாது.

எங்கள் ஊக்கத்தொகை விதி: காலாண்டு முழுவதற்கும் 90 சதவீதம் எட்டினால்தான் தொடங்கும், அதிகபட்சம் 9 ஆயிரம். ஒருவர்தான் எட்டியிருக்கிறார். ஜூலை மாதத்தை மட்டும் தனியாக எடுத்து மற்றவர்களுக்கும் ஏதாவது தரமுடியுமா என்று மண்டல மேலாளரிடம் இப்போதுதான் கேட்டேன். நாளை சொல்கிறேன் என்றார்.

தாமிரபரணி | 2 அக்டோபர், இரவு 10.30

பதில் வராமல் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "முயல்கிறேன்" என்று சொன்னாலும் அவர்கள் காதில் "கிடைக்கும்" என்றுதான் விழும். யாரிடம், எதற்காக, எப்போது கேட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மாசிவீதி | 3 அக்டோபர், இரவு 9.15

தலைமை அலுவலகம் முடிவு செய்யும், வாக்குக் கொடுக்காதே என்று பதில். பழைய விலைச் சரக்கு பற்றி மட்டும் தெளிவு கிடைத்தது. கடை வாரியாகப் பட்டியல் கொடுத்தால் விலை வித்தியாசத்தை விநியோகஸ்தர் வழியாக ஈடுசெய்வார்கள். விநியோகஸ்தரும் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார்.

இப்போது இன்னொரு சிக்கல். அக்டோபர் இலக்கு 85 லட்சம் என்று வந்திருக்கிறது. எங்கள் இலக்கு வரியோடு சேர்த்த பில் தொகையில் கணக்கிடுவது.

கிடங்குக்காரர் | 3 அக்டோபர், இரவு 9.40

அப்படியானால் உடனே பேசுங்கள். 100 ரூபாய் சரக்கு முன்பு 118க்குப் பில் ஆனது, இப்போது 105க்கு ஆகிறது. வரி குறைந்த பொருள்களில் அதே பில் தொகையைக் காட்டவே 12 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பெட்டி விற்கவேண்டும். 85 லட்சம் என்று எழுதியவர் இதைக் கழித்தாரா என்று கேளுங்கள். கழிக்கவில்லை என்றால் உங்கள் பையன்கள் ஓடத் தொடங்கும்போதே பின்னால் நிற்கிறார்கள்.

மாசிவீதி | 4 அக்டோபர், இரவு 8.20

கூட்டம் முடிந்தது. எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்கு முடித்தேன். நான் பேசியது பத்து நிமிடம்தான். பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன், ஏறக்குறைய இதே சொற்கள்தான்.

"இந்தக் காலாண்டில் நமக்கு 42 லட்சம் குறைந்தது. அந்தக் குறை எங்கே விழுந்தது என்று நான்கு நாளாகப் பார்த்தேன். பெரும்பகுதி ஆகஸ்ட் 15க்குப் பிறகு, கடைக்காரர்கள் வரிக்குறைப்புக்காக வாங்காமல் காத்திருந்தபோது விழுந்தது. அதை உங்களில் யாரும் தடுத்திருக்க முடியாது. நானும் தடுத்திருக்க முடியாது.

"அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் 9 லட்சம் குறைந்தது. அதில் ஏழு லட்சம், ஆள் இல்லாமல் கிடந்த தடத்தில். அந்த இடத்தை நிரப்பவேண்டியது என் வேலை. நான் ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். அது என் தவறு. நீங்கள் பத்துப் பேரும் அந்த ஆறு வாரத்தில் 98 சதவீதம் செய்தீர்கள். இதை நான் முன்பே பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும்.

"ஊக்கத்தொகை பற்றி. வியாழன் இரவு மண்டல மேலாளரிடம் ஜூலையைத் தனியாகக் கணக்கிடக் கேட்டேன். தலைமை அலுவலகம் முடிவு செய்யும் என்றார். கிடைக்கும் என்று என்னால் இப்போது சொல்லமுடியாது. பதில் என்னவாக இருந்தாலும் வந்த அன்றே சொல்வேன்.

"அக்டோபர் இலக்கு 85 லட்சம். வரி குறைந்ததால் அந்த எண் நமக்குச் சரியா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த எண்ணைச் சொல்லி உங்களை விரட்டமாட்டேன். நான் கேட்பது வேறு. தீபாவளி வரை ஒவ்வொரு நாளும் உங்கள் 40 கடையில், ஆகஸ்ட் 15க்குப் பிறகு பில் போடாத கடை எது என்று பாருங்கள். அதில் ஒரு நாளைக்கு மூன்று கடை. ஆர்டர் கேட்பதற்கு முன் பழைய விலைச் சரக்கு என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலை மாலையில் என்னிடம் கொடுத்தால் தீர்வு என் பொறுப்பு. மூன்று நாளில் தீர்வு வராத கடை இருந்தால் என்னை அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், கடைக்காரரிடம் நான் பேசுகிறேன்."

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். நீண்ட மௌனம். நல்ல பேச்சுக்குப் பிறகு கைதட்டுவார்கள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. யாரும் தட்டவில்லை. பிறகு இருப்பவர்களில் மூத்தவர், 17 வருடமாக இந்தத் தெருக்களில் நடப்பவர், "ஆள் இல்லாத தடத்துக்கு நான் ஜூலையில் போகிறேன் என்றேன் சார், நீங்கள் உங்கள் பீட்டைப் பாருங்கள் என்றீர்கள்" என்றார். உண்மை. மறந்தே போயிருந்தேன். எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன்.

குதிரைவேகம் | 4 அக்டோபர், இரவு 9.00

மரியாதையாகவே கேட்கிறேன். மேனேஜர் இவ்வளவு தூரம் தன் தவறைப் பேசினால் நாளைக்கு ஆள்கள் எதற்கும் அவரையே கைகாட்டமாட்டார்களா? ஊக்கம் எங்கே இதில்?

பழையகணக்கு | 4 அக்டோபர், இரவு 9.45

அந்த ஆபத்து உண்டு. ஒரு முறை ஒப்புக்கொள்ளலாம், மாதாமாதம் ஒப்புக்கொள்ளமுடியாது. எனக்கு இதில் குறையாகப் படுவது வேறு. அந்த இரண்டு சதவீதத்தைத் தொடாமலே விட்டுவிட்டார். பத்துப் பேரும் 98 என்பது கூட்டுச் சராசரி. ஒருவர் 104, ஒருவர் 88 என்றும் இருக்கலாம். 88 யார் என்று பார்த்தீர்களா?

மாசிவீதி | 5 அக்டோபர், காலை 8.10

பார்த்தேன். 86. அவரிடம் நேற்று மாலையே தனியாகப் பேசிவிட்டேன். கடைகளுக்குப் போகிறார், பில்லும் விழுகிறது, ஆனால் ஒரு பில்லில் இரண்டு மூன்று பொருள்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஐந்து, ஆறு. பிஸ்கட்டை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார். ஏன் என்றால் ஷாம்பு விலைப்பட்டியல் அவருக்குக் குழப்பமாக இருக்கிறதாம், கேட்கக் கூச்சம். புதன்கிழமை அவரோடு நாள் முழுவதும் நடக்கப்போகிறேன்.

ஆறாம்பீட் | 5 அக்டோபர், இரவு 7.30

நாள் முழுவதும் நடங்கள், ஆனால் நீங்கள் ஆர்டர் எடுக்காதீர்கள். மேனேஜர் எடுத்தால் கடைக்காரர் அடுத்த வாரம் எங்களை மதிக்கமாட்டார்.

மாசிவீதி | 18 அக்டோபர், இரவு 10.50

பட்டியலில் 212 கடை சேர்ந்தது. 170 கடைக்குத் தீர்வு கொடுத்தாயிற்று. மூன்று நாளில் என்று சொன்னேன், பல கடைக்கு ஆறு ஏழு நாள் ஆனது. நான்கு சேல்ஸ்மேன்கள் என்னைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கடைக்காரர் கால்மணி நேரம் திட்டினார். நியாயமான திட்டு.

ஊக்கத்தொகை: ஜூலைக்காக ஆளுக்கு 2 ஆயிரம் நேற்று வந்தது. அன்றே சொன்னேன். ஆகஸ்டில் சேர்ந்த புதுப் பையனுக்கு ஒன்றும் இல்லை. விதிப்படி சரிதான், ஆனால் பாழாய்க் கிடந்த தடத்தை எடுத்து நிமிர்த்துகிறவன் அவன்தான். மறுபடி எழுதியிருக்கிறேன்.

85 லட்சம் சரியா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

மாசிவீதி | 1 நவம்பர், இரவு 9.30

அக்டோபர் 83 லட்சம். வரியோடு சேர்த்துக் கணக்கிடும் பழைய முறையிலேயே.

குதிரைவேகம் | 1 நவம்பர், இரவு 9.50

பேச்சு வேலை செய்திருக்கிறது!

பழையகணக்கு | 1 நவம்பர், இரவு 10.20

தீபாவளி, காலி அலமாரி நிரம்பியது, இரண்டும் அக்டோபரில் சேர்ந்து வந்தன. பேச்சால் எவ்வளவு என்று பிரிக்கமுடியாது. நவம்பர் எண் வரட்டும். மாசிவீதி, கைவிட்ட அந்த 240 கடை என்ன ஆயிற்று? எனக்கு அதைத்தான் தெரியவேண்டும்.

மாசிவீதி | 2 நவம்பர், காலை 7.45

அக்டோபரில் 209 கடையில் பில் விழுந்தது. 31 கடை இன்னும் வாங்கவில்லை. அதில் 19 கடை ஒரே பீட்டில், செவ்வாய்க்கிழமை பீட்டில், இருக்கின்றன. அங்கே போட்டி நிறுவனத்தின் ஆள் ஜூலையில் நுழைந்துவிட்டார், கடன் தவணையும் நம்மைவிட ஒரு வாரம் கூடுதலாகத் தருகிறார். புதுப் பையன் அந்த பீட்டை வாரத்தில் இரண்டு நாள் ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அப்படி ஆக்கினால் வெள்ளிக்கிழமை பீட்டை யாரிடமாவது கொடுக்கவேண்டும். மூத்தவரிடம் நாளைக் காலை கேட்கப்போகிறேன்.

ஆறாம்பீட் | 2 நவம்பர், காலை 8.20

அவர் ஜூலையிலேயே கேட்டாரே சார். கேளுங்கள்.